திறந்த கண் சொட்டு மருந்தை எந்தத் தேதியில் தூக்கிப் போடுவது: 28 நாள் கணக்கு, முழுமையான வழிகாட்டி

கண் சொட்டு மருந்துப் பாட்டிலில் இரண்டு கெடு இருக்கிறது. ஒன்று கம்பெனி அச்சடித்த எக்ஸ்பைரி. அது பாட்டில் சீல் உடையாமல் இருக்கும்வரைக்கும் உள்ள கணக்கு. இன்னொன்றை யாரும் தேதியாக அச்சடிக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் எந்த நாளில் திறப்பீர்கள் என்று கம்பெனிக்குத் தெரியாது. அதனால்தான் லேபிளில் பொடி எழுத்தில் ‘திறந்த பிறகு 28 நாட்களுக்குள்’ என்றோ ‘ஒரு மாதத்துக்குள்’ என்றோ மட்டும் போட்டிருப்பார்கள், தேதியை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வேலூரில் மருந்துக் கடை கவுன்டரில் நிற்கிற எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அதிகமாக வருவது கண் நீர் அழுத்தத்துக்கு, அதாவது குளுக்கோமாவுக்கு, வருஷக்கணக்காக மருந்து போடுகிறவர்களிடமிருந்து. அவர்களுடைய கணக்கையே இங்கே முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன், மற்ற சொட்டு மருந்துகளுக்கும் அதே வழிதான். சிரப்புக்கு மட்டும் சில இடங்களில் மாறும், அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் 28 நாள் எதற்கு என்பது. ஒரே பாட்டிலைப் பல நாள் திறந்து மூடிப் பயன்படுத்துவதால், ஒவ்வொரு முறையும் முனை வழியாகக் காற்றும் அதோடு கிருமியும் உள்ளே போக வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கத்தான் பென்சல்கோனியம் குளோரைடு மாதிரி ஒரு பிரசர்வேடிவ் சேர்க்கிறார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையில் வேண்டுமென்றே கிருமிகளை மருந்தில் விட்டு, 28 நாள்வரை அவை குறைகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஆனால் வீட்டில் நடப்பது ஒரு தடவை கிருமி விட்டுவிட்டு நிறுத்துவது இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இமை மயிரில் முனை படும், விரல் படும். சூடோமோனாஸ் என்ற கிருமி ஒன்று இருக்கிறது, அது கருவிழியில் பிடித்தால் ஓரிரு நாளிலேயே புண்ணாக்கிப் பார்வையைக் கெடுத்துவிடும். அந்தப் பயத்துக்காகத்தான் பாட்டிலில் பாதி மருந்து இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கிறோம்.

கணக்கு எப்போது தொடங்குகிறது

வாங்கிய நாளில் இல்லை. மூடியைப் பிடித்து வெளிச் சீலை உடைத்த நாளில்தான் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. முனையில் ஓட்டை விழுந்த நாள்தான் முதல் நாள்.

நம்ம ஊரில் கிடைக்கிற பல பாட்டில்களில் முனை மூடியே இருக்கும், மூடியின் உள்ளே ஒரு சின்ன முள் இருக்கும். மூடியை வலப்பக்கமாக நன்றாக இறுக்கித் திருகினால் அந்த முள் முனையைக் குத்தி ஓட்டை போடும், அப்புறம் திறந்து பயன்படுத்தலாம். இதில் இரண்டு தப்பு நடக்கிறது. பையில் வைத்தது ஆடி ஆடி மூடி கழன்றுவிடுமோ என்று பயந்து, வாங்கியவுடனே இறுக்கிவிடுகிறார்கள், அந்த நிமிஷமே பாட்டில் திறந்துவிட்டதாகத்தான் கணக்கு. இரண்டாவது, முள் இருப்பது தெரியாமல் ஊக்கையோ தையல் ஊசியையோ வைத்துக் குத்துகிறார்கள். கிருமியை நேராக உள்ளே அனுப்புகிற வேலை அது, அதோடு ஓட்டையும் பெரிசாகி ஒரு சொட்டுக்கு இரண்டு சொட்டாக விழும். ஊக்கால் குத்திய பாட்டில் என்றால் 28 நாள்வரை காத்திருக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

தேதி கண்டுபிடிக்கும் வழி

28 என்பது சரியாக நான்கு வாரம். அதனால் கிழமை மாறவே மாறாது. வெள்ளிக்கிழமை திறந்தால் நான்கு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை தூக்கிப் போட வேண்டும். சுவரில் மாத காலண்டர் மாட்டியிருந்தால், திறந்த நாளின் கட்டத்தில் விரலை வைத்து அதே கிழமை வரிசையில் நான்கு கட்டம் தள்ளுங்கள், மாதம் முடிந்துவிட்டால் அடுத்த தாளில் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அவ்வளவுதான் கணக்கு.

காலண்டர் கையில் இல்லையென்றால் மனசிலேயே போடலாம். திறந்த மாதத்துக்கு 31 நாள் என்றால் அடுத்த மாதத்தில் அதே தேதியிலிருந்து 3 கழியுங்கள், 30 நாள் மாதம் என்றால் 2 கழியுங்கள், பிப்ரவரியில் திறந்திருந்தால் அதே தேதிதான் (லீப் வருஷத்தில் மட்டும் 1 கழிக்க வேண்டும்). ஜனவரி 20 திறந்தால் பிப்ரவரி 17. ஜூன் 20 திறந்தால் ஜூலை 18. மாதத்தின் முதல் இரண்டு மூன்று நாளில் திறந்தால் கழிக்க இடம் இருக்காது, அப்போது நேராக 28 கூட்டிக்கொள்ளுங்கள், மே 2 திறந்தால் மே 30.

வந்த தேதியில் மருந்து போடலாமா கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. திறந்த நாளையே முதல் நாளாக எண்ணினால் அதற்கு முந்தின நாளோடு 28 நாள் முடிந்துவிடுகிறது. அதனால் நான் எழுதுகிற தேதி ‘தூக்கிப் போடும் நாள்’, அன்றைக்குப் புதுப் பாட்டில் திறக்க வேண்டும்.

லேபிளில் ‘ஒரு மாதம்’ என்று போட்டிருந்தாலும் நான் 28 நாளாகவே வைக்கச் சொல்கிறேன். ஒரு மாதம் என்பது 28-லிருந்து 31 வரைக்கும் ஆடும், கிழமைக் கணக்கும் கெட்டுவிடும். லேபிளில் வேறு எண் தெளிவாகப் போட்டிருந்தால் அதுதான் செல்லும். பிரசர்வேடிவ் இல்லாமல் பிளாஸ்டிக் குப்பியாகக் கிள்ளித் திறக்கிற ஒரு வேளை மருந்துகள் இந்தக் கணக்கிலேயே வராது. அவற்றில் பெரும்பாலானவை திறந்ததும் போட்டுவிட்டு மீதியை எறிய வேண்டியவை.

நடுவில் நாலு நாள் மருந்து போட மறந்தால் நாலு நாள் தள்ளிப் போடலாமா? முடியாது. கடிகாரம் நீங்கள் போட்ட சொட்டுகளை எண்ணவில்லை, ஓட்டை விழுந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது நிற்காது.

மூன்று பாட்டில், மூன்று மாதம்: ஒரு கணக்கு

குடியாத்தத்திலிருந்து வருகிற ஒரு அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரணி ரோட்டில் கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வாங்க என்று சொல்லிவிட்டார்கள். மருந்து லட்டனோபிராஸ்ட், 2.5 மில்லி பாட்டில், ராத்திரி இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. மாதத்துக்கு ஒன்று என்று மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், இதில்தான் சிக்கல்.

முதல் பாட்டிலை 2026 ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை ராத்திரி திறக்கிறார். ஏப்ரலுக்கு 30 நாள், 2 கழித்தால் மே 15. அதுவும் வெள்ளிக்கிழமை, கணக்கு சரி. மே 14 வியாழன் ராத்திரி கடைசியாகப் போட்டுவிட்டு, மே 15 ராத்திரி இரண்டாவது பாட்டிலைத் திறக்க வேண்டும். மே மாதத்துக்கு 31 நாள், 3 கழித்தால் ஜூன் 12. அன்றைக்கு மூன்றாவது. ஜூனில் 2 கழித்தால் ஜூலை 10. ஆக மூன்று பாட்டிலும் ஜூலை 9 ராத்திரியோடு முடிந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டியது ஜூலை 17. நடுவில் ஏழு ராத்திரிக்கு மருந்து இல்லை.

இந்த ஏழு ராத்திரியில்தான் பழைய பாட்டில் வெளியே வருகிறது. 2.5 மில்லி பாட்டிலில் சுமார் 80 சொட்டு இருக்கும். தினம் இரண்டு சொட்டு, 28 நாளைக்கு 56. அப்படியென்றால் தூக்கிப் போடும் நாளில் உள்ளே இன்னும் இருபது சொட்டுக்கு மேல் குலுங்கும். “தம்பி, பாட்டில்ல இன்னும் மருந்து இருக்கே, கீழ போடணுமா?” என்று கேட்கிறபோது அவர்கள் காசைத்தான் நினைக்கிறார்கள், அது நியாயமான கவலை. ஆனாலும் “போட்டுடுங்கம்மா” என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தை அப்படி அளந்தே வைத்திருக்கிறார்கள், கை நடுங்கி சொட்டு கன்னத்தில் விழுந்தாலும் 28 நாளைக்குக் குறையாமல் வர வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

சரியான தீர்வு, வாங்கும்போதே ஒரு பாட்டில் கூட வாங்குவது. வருஷத்துக்கு 12 மாதம் என்று 12 பாட்டில் இல்லை, 13 பாட்டில் தேவை. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் முதல் தடவை நான்கு வாங்கிவிட்டால், அந்தக் கூடுதல் பாட்டில் வருஷம் முழுக்க ஒவ்வொரு தடவையும் விழுகிற ஒரு வாரப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே போகும்.

இப்போது எக்ஸ்பைரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த அம்மா வாங்கிய மூன்று பாட்டிலும் ஒரே பேட்ச், எக்ஸ்பைரி 06/2026 என்று வைத்துக்கொள்வோம். மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை செல்லும், அதாவது ஜூன் 30. முதல் பாட்டில் மே 15-ல் முடிகிறது, இரண்டாவது ஜூன் 12-ல் முடிகிறது, இரண்டுக்கும் தொந்தரவு இல்லை. மூன்றாவதற்கு 28 நாள் கணக்குப்படி ஜூலை 10, ஆனால் எக்ஸ்பைரி ஜூன் 30. எது முன்னால் வருகிறதோ அதுதான் கெடு. ஆக அந்தப் பாட்டிலை ஜூன் 30 ராத்திரியோடு நிறுத்த வேண்டும், பள்ளம் ஏழு ராத்திரியிலிருந்து பதினாறு ராத்திரியாகிவிடும். கடையில் வாங்குகிறபோதே, கடைசியாகத் திறக்கப்போகும் பாட்டிலின் எக்ஸ்பைரி அடுத்த முறை டாக்டரைப் பார்க்கிற மாதத்தைத் தாண்டி இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்டரில் கேட்டால் வேறு பேட்ச் எடுத்துத் தருவார்கள், கேட்பதில் தப்பே இல்லை.

எங்கே எழுதுவது, எதனால் எழுதுவது

அட்டைப்பெட்டியில் எழுதினால் பிரயோஜனம் இல்லை, பெட்டி மூன்றாவது நாளே குப்பைக்குப் போய்விடும். பாட்டிலிலேயே எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா மழமழப்பான லேபிளில் பிடிக்காது, பிடித்தாலும் ஈரக் கை பட்டால் அழிந்துவிடும். பர்மனென்ட் மார்க்கர் வேண்டும். பாட்டில் சின்னது, இடம் போதாது என்றால் காகிதப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றி ஒட்டி அதில் எழுதுங்கள், மருந்துப் பேரையும் எக்ஸ்பைரியையும் மட்டும் மறைத்துவிடாதீர்கள்.

இரண்டு தேதியும் எழுதுங்கள், கிழமையோடு: ‘திறந்தது 17-4-26 வெள்ளி, தூக்கிப் போட வேண்டியது 15-5-26 வெள்ளி’. திறந்த தேதியை மட்டும் எழுதினால் ஒவ்வொரு தடவையும் யாராவது மறுபடி கணக்குப் போட வேண்டும். கிழமையை எழுதுவது கணக்கைச் சரிபார்க்கத்தான், இரண்டு கிழமையும் ஒன்றாக இல்லையென்றால் எங்கேயோ தப்பு. போனில் நினைவூட்டல் வைக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை என்று வைத்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும்.

வேலூர் வெயிலும் ஃபிரிட்ஜும்

28 நாள் என்பது லேபிளில் சொன்ன சூட்டில் வைத்திருந்தால் மட்டுமே செல்லும். லட்டனோபிராஸ்டைத் திறக்கும்வரை 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள், திறந்த பிறகு 25 டிகிரிவரை வெளியே வைக்கலாம் என்பார்கள். 25 டிகிரி என்பது நம்ம ஊரில் மார்கழி, தை தவிர வீட்டுக்குள் கிடைப்பது கஷ்டம். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டிலும் ஷீட் வீட்டிலும் உள்ளே இருக்கிற சூட்டைச் சொல்லவே வேண்டாம். அதனால் திறந்த பாட்டிலையும் ஃபிரிட்ஜிலேயே வைத்துவிடுங்கள், கதவுப் பக்கம், டப்பாவுக்குள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது, ஐஸ் தட்டை ஒட்டியும் வைக்கக் கூடாது, உறைந்துபோன மருந்து தேதி இருந்தாலும் வேண்டாம். வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற பஸ் பயணத்துக்குத் திறக்காத பாட்டில் கெட்டுவிடாது, அதற்கு இடம் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள், ஆனால் வண்டியின் சீட்டுக்கடியில் மறந்து விட்டுவிடாதீர்கள்.

தேதிக்கு முன்னாலேயே தூக்கிப் போட வேண்டிய நேரமும் உண்டு. தெளிந்த மருந்து கலங்கலாக ஆனால், உள்ளே நூல் மாதிரியோ துகள் மாதிரியோ தெரிந்தால், நிறம் மாறினால், முனை கண்ணிலோ தரையிலோ பட்டால், அன்றைக்கே. குலுக்கிவிட்டுப் போடச் சொன்ன பால் மாதிரி மருந்துகள் இயல்பாகவே கலங்கலாக இருக்கும், அவற்றில் குலுக்கியும் கரையாமல் கட்டி நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். இதில் தலைகீழாகவும் நினைத்துவிடக் கூடாது, பளிச்சென்று இருக்கிறதே என்று 28 நாளைத் தாண்டிப் போடக் கூடாது. கிருமி கண்ணுக்குத் தெரிகிற அளவு பெருகுவதற்கு ரொம்ப முன்னாலேயே கண்ணைக் கெடுக்கும்.

மெட்ராஸ் ஐ வந்தவருக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தில் மீதி இருக்கும், அடுத்த வாரம் தம்பிக்கு வந்தால் அதையே போடுவார்கள். தேதி இருந்தாலும் செய்யாதீர்கள், அந்த முனை ஏற்கெனவே தொற்று இருந்த கண் பக்கத்தில் போய்வந்தது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இதே ஆசை வரும். ஒரு கண் முடிந்து மிச்சமான மருந்தை, அடுத்த கண் ஆபரேஷனுக்கு எடுத்து வைப்பார்கள். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு எப்போதும் சீல் உடையாத பாட்டில்தான்.

சிரப் என்றால்

சிரப் பாட்டிலில் ‘திறந்த பிறகு 28 நாள்’ அல்லது ‘நான்கு வாரம்’ என்று போட்டிருந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும், மூடியைத் திருகிச் சீலை உடைத்த நாள் முதல் நாள். ஆனால் எல்லா சிரப்புக்கும் 28 நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்குப் பொடியாகக் கொடுத்துத் தண்ணீர் கலக்கச் சொல்கிற ஆன்டிபயாட்டிக் டிரை சிரப்புகளுக்குக் கெடு ரொம்பக் குறைவு. அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்து என்றால் கலந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்து ஏழு நாள்தான். அதில் கணக்கு தொடங்குவது தண்ணீர் கலந்த நேரத்திலிருந்து. அதனால் கடையிலேயே கலந்து வாங்கிக்கொண்டு மறுநாள் ஆரம்பித்தால் ஒரு நாள் போய்விட்டது என்று அர்த்தம். ஏழும் வாரக் கணக்குதான், அதே கிழமையில் தூக்கிப் போட வேண்டும். ஸ்பூனையோ சிரிஞ்சையோ குழந்தை வாயில் வைத்துவிட்டு மறுபடி பாட்டிலுக்குள் விட்டால் எந்தக் கணக்கும் நிற்காது, அளவு மூடியில் ஊற்றி அங்கிருந்து எடுங்கள், மிஞ்சியதைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

திறந்த தேதி தெரியாவிட்டால்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பாட்டில் இருக்கிறது, யார் எப்போது திறந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. மருந்துக் கடை பில்லைத் தேடுங்கள். வாங்குவதற்கு முன்னால் திறந்திருக்க முடியாது, ஆகவே பில் தேதியையே திறந்த தேதியாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அதன்படி இன்னும் நாள் இருந்தால், அந்தத் தேதியையே பாட்டிலில் எழுதிப் பயன்படுத்தலாம். நாள் தாண்டிவிட்டாலோ, பில்லே இல்லையென்றாலோ, அந்தப் பாட்டில் வேண்டாம். குளுக்கோமா மருந்தாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள்: பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாமல், ராத்திரி போட வேண்டிய நேரத்துக்குள் புதுப் பாட்டில் வாங்கிவிடுங்கள், இந்த மருந்தைப் போடாமல் விட்டால் கண்ணின் அழுத்தம் வலி தெரியாமலே ஏறும். பழைய பாட்டிலை மூடியோடு ஒரு காகிதத்தில் சுற்றி, குழந்தைகள் கை எட்டாத மாதிரி அன்றைக்கே குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.